புது வினை

மறுபிறவியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நான் குறிப்புகூட எடுத்துப் போக மாட்டேன். அவ்வளவு தைரியம்.

அன்றைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பைக்கில் போகும்போது ஒரு நாய் குறுக்கே வந்து என் வண்டியில் அடிபட்டது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு சாலையோரம் போய்ப் படுத்தது. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ‘முன்வினை, அனுபவிக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மேடையில் வழக்கம்போல வெளுத்து வாங்கினேன். உடல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுடல் உயிரோடு சேர்ந்து போகும். வினைக்கேற்ற அடுத்த உடலில் உயிர் புகும். புல் முதல் தேவர் வரை பிறப்பு ஏழு வகை. மனிதன் விலங்காகவும் பிறக்கலாம்.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். “சார், எங்க ஊட்டு நாய் பக்கத்து ஊட்டுக் கோழிய கடிச்சிடுச்சி. அதுக்குப் பாவம் சேருமா?”

“சேராதும்மா. விலங்கு பழைய வினைய அனுபவிச்சுத் தீக்குது, அவ்ளோதான். நல்லது கெட்டது தெரிஞ்சு செய்யிற மனுஷனுக்குத்தான் புது வினை ஒட்டும்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கை வைத்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

நாய் அங்கேயே கிடந்தது, உயிரோடு. துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

இப்போது என் வீட்டில் மூன்று காலில் ஓடுகிறது. போன பிறவியில் அது யார் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அடிபட்டது அதன் பழைய வினையாக இருக்கலாம். விட்டுவிட்டுப் போனது என் புது வினை.