ரௌட்டர் பழைய நிலைக்குத் திரும்பிய ஐந்து நாட்கள்

நாட்குறிப்பில் நான் எதையும் அடிப்பதில்லை. 1991இல் சதுரங்கப்பட்டினத்துக்குக் குடிவந்ததிலிருந்து மழை, மின்தடை, வந்துபோனவர்கள் என்று நேரத்தோடு எழுதி வருகிறேன். தவறாக எழுதிவிட்டால் கீழே திருத்தம் எழுதுவேன். மேலே உள்ளது அப்படியே இருக்கும். இதில் எனக்குப் பெருமையும் உண்டு. 2008இல் ஒருவர் வேலையை இழந்ததற்கு இந்தப் பெருமையும் ஒரு காரணம்.

அந்த ஆண்டு வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கினோம். மோடமும் ரௌட்டரும் சேர்ந்த பெட்டியை நிறுவனமே கொடுத்தது. பொருத்த வந்த லைன்காரர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள், ஊரின் டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் வீடு. தெருவில் எந்த வீட்டில் இணைப்பு அறுந்தாலும் மொபெட்டில் வந்துவிடுவார்.

அடுத்தவர் வைஃபையில் புகுந்து யாரோ மிரட்டல் கடிதம் அனுப்ப, வீட்டுக்காரர் போலீசில் பதில் சொல்ல நேர்ந்ததாகச் செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில், ஆவணப் பிரிவில் வேலை. விசாரணை என்ற சொல்லே அங்கே பெரிய சொல். எங்களிடம் இருந்தது ஒரே கணினி, அதற்குக் கம்பி போதும். வைஃபையை அணைத்து, ரௌட்டருக்குப் புதுக் கடவுச்சொல்லும் வைக்கச் சொன்னேன்.

"இன்னா சார், எல்லாரும் வைஃபை வாணும்னு பேஜாரு பண்றாங்கோ, நீ வாணாம்ன்ற!" என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார். கடவுச்சொல்லை நான் சொல்ல, அவர்தான் தட்டினார். எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தால் வைஃபை விளக்கு எரிகிறது. என் கடவுச்சொல் செல்லவில்லை. பெட்டியோடு வந்த பழையதைப் போட்டதும் திறந்தது. திரும்ப மாற்றினேன். மறுபடியும் பழையபடி ஆனது. இரண்டு மாதத்தில் ஐந்து முறை.

நாட்குறிப்பைப் புரட்டினேன். ஐந்து நாட்களிலும் லைன்காரர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். மொபெட் நின்ற நேரம்கூட என்னிடம் இருந்தது. கடவுச்சொல் தெரிந்தவர், தெருக்கம்பத்திலிருந்தே பெட்டிக்குள் நுழைகிறார் என்று முடிவு கட்டினேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் கை வெக்கல சார். பொட்டி தானா மாத்திக்கினு கீது. நாலு வூட்ல பாத்துட்டேன்."

"பெட்டி தானாகக் கடவுச்சொல்லை மாத்துமா?"

"அது எப்பிடின்னு சொல்லத் தெர்ல சார். ஆனா மாத்துது."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அன்றைய குறிப்பில் இல்லை.

மனைவி அவர் பக்கம்தான் பேசினாள். "உங்க வைஃபையைத் திருடி அந்த மனுஷன் என்ன பண்ணப்போறார்? அவர் வீட்ல கம்ப்யூட்டரே இல்லைங்க."

நான் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். ஐந்து நாட்களையும் அட்டவணையாகப் போட்டு, ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டு அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, "எல்லாரும் சார் மாதிரி எழுதினா எங்க வேலை சுலபம்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு திரும்பினேன். பத்து நாளில் லைன்காரரை நிறுத்திவிட்டார்கள்.

அவர் போன இரண்டாம் வாரம் வைஃபை விளக்கு மீண்டும் எரிந்தது.

எங்கள் அலுவலகக் கணினிப் பிரிவில் இருந்த அம்மாள் அடுத்த தெருவில் குடியிருந்தார். அன்று மாலையே போய்க் கூட்டிவந்தேன். நான் அதுவரை உள்ளே போன கணக்கு சில பக்கங்களை மட்டும் காட்டும் கணக்கு என்றார். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நிர்வாகக் கணக்கில் நுழைந்தார். நான் பார்த்தே இராத ஒரு பக்கம் திறந்தது. டிஆர்-069 என்று தலைப்பு. அதில் 'இன்ஃபார்ம்' என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தது. கீழே நிறுவனத்தின் சர்வர் முகவரி.

"பெட்டி எழுந்ததும் இந்த முகவரிக்கு 'நான் வந்துட்டேன்'னு சொல்லும் சார். அவங்க பட்டியல்ல உங்க பெட்டிக்கு என்ன செட்டிங் இருக்கோ, அதை அங்கிருந்தே அனுப்பிடுவாங்க. நீங்க மாத்தினது போயிடும்."

"எழுந்ததும் என்றால்?"

"கரண்ட் போய் வந்தா."

வைஃபையை அணைத்துக் காட்டினார். பிறகு மின்சுவிட்சை நிறுத்தித் திரும்பப் போட்டார். காத்திருந்தோம். இணைய விளக்கு பச்சையானது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து, யாரும் தொடாமலே வைஃபை விளக்கும் எரிந்தது. மனைவி என்னைப் பார்த்தாள்.

நாட்குறிப்பை எடுத்தேன். ஐந்து நாட்களிலும் மின்தடை. எழுதியது நானேதான். மின்சாரம் வந்த கையோடு தெருவில் யாராவது ஒருவருக்கு இணைப்பு வராது. அதைச் சரிசெய்யத்தான் அவர் மொபெட்டில் வந்திருக்கிறார். இரண்டு செய்திகளும் ஒரே பக்கத்தில், இரண்டு வரி இடைவெளியில் இருந்தன.

அந்த அம்மாள் 'இன்ஃபார்ம்' வசதியை நிறுத்தினார். இன்னொரு பக்கத்தில், வெளியிலிருந்து ரௌட்டரின் பக்கத்தைத் திறக்கவும் டெல்நெட் என்ற வழியில் கட்டளை தட்டி உள்ளே நுழையவும் அனுமதி இருந்தது. அதை எடுப்பதற்கு முன் சோதிப்போம் என்று, எங்கள் இணைப்பின் அன்றைய ஐபி எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சிறிது நேரத்தில் தொலைபேசி வந்தது. "உங்க லாகின் பக்கம் என் வீட்ல தெரியுது சார்." அவர் சொல்லச் சொல்ல இரண்டு அனுமதிகளின் டிக் குறிகளையும் நான் எடுத்தேன். மறுபடி தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. நிறுவனத்தார் நுழைவதற்கென்று தனியாக இருந்த கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னார்.

"இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. புது மென்பொருள் ஏத்தினாலோ, ரீசெட் பண்ணினாலோ எல்லாம் திரும்ப வந்துடும். சொந்தமா ஒரு ரௌட்டர் வாங்கி, இந்தப் பெட்டியை பிரிட்ஜ்ல போட்டு வெறும் மோடமா வெச்சுக்கங்க. அவங்க அதுவரைக்கும்தான் வர முடியும், உங்க கணினிகிட்ட வர முடியாது."

அப்படியே செய்தேன். அடுத்த மின்தடைக்குப் பிறகு விளக்கு எரியவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டாவது கடிதத்தோடு செங்கல்பட்டுக்குப் போனேன். அதே அதிகாரி.

"அவர் எங்க ஸ்டாஃபே இல்ல சார், காண்ட்ராக்டர் ஆளு."

"செட்டிங்கை மாற்றியது உங்கள் சர்வர்."

"சர்வர் சென்னையில. எங்க ஸ்கிரீன்ல அதெல்லாம் வராது. நீங்களே தேதி, நேரம் போட்டு, நேரில் பார்த்ததா எழுதியிருக்கீங்க. இப்ப இல்லைன்னா நான் எதை மேல அனுப்ப?"

"இரண்டையும் அனுப்புங்கள்."

வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் கடிதத்தில் தெளிவான விவரங்கள் இருப்பதால் எடுத்த நடவடிக்கையில் மாற்றமில்லை. இரண்டாவதில் உள்ள தொழில்நுட்பக் கருத்துகள் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளன. ஒப்பந்தக்காரரை இரண்டு முறை தேடிப் போனேன். இரண்டு முறையும் அவர் இல்லை.

பிறகுதான் கோட்டைப் பக்கம் போனேன். போயிருக்க வேண்டியது முதலில் அங்கேதான். லைன்காரர் வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் கேபிள் வேலை, வாரத்துக்கு மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்களாம். நாட்குறிப்பை விரித்து மின்தடை வரிகளைக் காட்டினேன். சர்வர், பட்டியல் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினார்.

"அத்தத்தான சார் நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னீங்க."

"நீ சிரிச்ச."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அவர் குனிந்து பக்கத்தில் விரல் வைத்தார். "இன்னும் கீதா சார், நான் வந்து போனேன்னு?"

"இருக்கு."

"அட்ச்சிடேன்."

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தேன்.

"இப்ப கூப்புடுவாங்களா சார்?"

செங்கல்பட்டில் கோப்பில் இருக்கும் என் முதல் கடிதத்தில் அந்த ஐந்து வரிகளும் அப்படியே இருந்தன.