ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

மட்டக்கடைப் பகுதியில் வாடகைக்கு வீடு கேட்டு மனைவியோடு போயிருந்தேன்.

"சாப்பாடு டெலிவரி பண்ணுதியளா? ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் அண்ணாச்சி?" என்றார் வீட்டுக்காரர்.

கூச்சத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைச் சொல்லிவிட்டேன். "ஆயிரத்து இருநூறு."

அவர் முப்பதால் பெருக்கினார். "மாசம் முப்பத்தாறாயிரமா! அப்போ வாடகை ஆறாயிரம் இல்ல, எட்டாயிரம்."

மற்ற நாட்களில் நாள் முழுக்க அலைந்தாலும் அதில் பாதிதான் வரும், பெட்ரோலும் டயரும் என் செலவு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனில் ஆர்டர் வந்தது. மறுத்தால் அன்றைய ஊக்கத்தொகை போய்விடும். மனைவியைப் பேசச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது அவள் தெருமுனையில் நின்றாள்.

"உங்க கணக்கைச் சொன்னா வாடகை கூடுது. நெசத்தைச் சொன்னேன், வீடே இல்லைங்காரு."

அந்த ஆர்டருக்குக் கிடைத்தது முப்பத்திரண்டு ரூபாய்.