சமனுக்குப் போட்ட இருபது பவுண்

ஒன்பது வருடமாக நோர்பரியில் பந்தயக் காசு கட்டும் ஒரு பெட்டிங் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் கேட்டால் "கடையில வேலை" என்று மட்டும் சொல்வேன். என்ன கடை என்று துருவுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

குதிரைக்கும் நாய்க்கும் காசு கட்டுகிறவர்கள் என்னோடு அதிகம் சண்டை பிடிப்பதில்லை. கிரிக்கெட்காரர்கள்தான் உயிரை வாங்குவார்கள். விளையாட்டுத் தெரிந்தால் கடையின் விதியும் தெரிந்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு நினைப்பு. விதிகளைச் சுவரில் ஒட்டித்தான் வைத்திருக்கிறோம். அதைப் படித்த ஒருவரை இந்த ஒன்பது வருடத்தில் நான் கண்டதில்லை.

கிரிக்கெட்டுக்குக் காசு கட்ட வரும் ஒரு அண்ணை இருந்தார், மன்னார்ப் பக்கம். விடியற்காலையில் ஒரு பேக்கரியில் வேலை, மத்தியானம் எங்கள் கடை. ஒருமுறை இருபது ஓவர் ஆட்டம் ஒன்றில் அவர் காசு கட்டிய அணி சமன் செய்து, சூப்பர் ஓவரில் தோற்றது. நேரே கவுண்டருக்கு வந்தார்.

"மேட்ச் சமன் எல்லோ தங்கச்சி? போட்ட காசைத் தாரும்."

பின்னால் வரிசை நின்றது. எனக்கும் நல்ல எரிச்சல்.

"அண்ணை, ஆர் வெல்லுறது எண்டு போட்டால் சூப்பர் ஓவரும் சேர்த்திதான். அதில வெண்டவைதான் வெண்டவை. மழை கிழை வந்து சூப்பர் ஓவர் நடக்காமல் போனால்தான் கதை வேறை. அப்ப உங்கட காசில பாதிக்கு வெண்ட மாதிரி முழுக் காசும் வரும், மற்றப் பாதி போச்சு."

நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது வெல்லும் அணிக்குக் கட்டும் காசுக்கு மட்டுமான விதி. மற்றவற்றுக்கு வேறு விதி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "சூப்பர் ஓவர் சேர்த்தி" என்பதை மட்டும் மனதில் போட்டுக்கொண்டு போனார்.

அவருடைய மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. சில நாட்களில் வாசலுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பா. ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. நானும் அவவைக் காணாதது போலத்தான் இருந்தேன்.

இந்த வருடம் ஒரு பகல் அண்ணை வந்து ஒரு இருபது ஓவர் ஆட்டத்துக்கு, அது சமனில் முடியும் என்று இருபது பவுண் கட்டினார். விலை ஒன்றுக்கு முப்பத்துமூன்று, அதாவது வென்றால் ஒரு பவுணுக்கு முப்பத்துமூன்று பவுண்.

"என்ன அண்ணை, புதுசாய் இருக்கு?"

"இது தோற்கிறதுக்குப் போடுற காசு, தங்கச்சி. சேர்ச்சில மனிசிக்குச் சத்தியம் பண்ணிப் போட்டன். கடைசிப் பந்தயத் துண்டு. இது போனோடன அந்தப் போர்மை எடுத்து வையும், கையெழுத்து வைக்கிறன்."

அந்தப் படிவம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். என்னை இனிக் கடைக்குள் விடாதே என்று தானே எழுதிக் கொடுப்பது. எங்கள் கடையோடு, அவர் பெயர் சொல்லும் ஊர்களின் மற்றக் கடைகளும் அவரை உள்ளே விடக் கூடாது. குறைந்தது ஆறு மாதத்துக்கு மனம் மாறினாலும் மாற்ற முடியாது. எத்தனையோ பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்து வைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஆட்டம் சமனில் முடிந்தது. கடைசிப் பந்தில் ஒருவன் ரன் அவுட். கடையே எழும்பிக் கத்தியது. அண்ணையும் துள்ளி எழும்பினார். உடனே தொலைக்காட்சியில் சூப்பர் ஓவர் என்றார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். சூப்பர் ஓவரில் ஒரு அணி வென்றது. அவர் சிரித்துக்கொண்டே துண்டைக் கசக்கிக் கவுண்டருக்குப் பக்கத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"போச்சு. நீர் அண்டைக்குச் சொன்னதுதானே, சூப்பர் ஓவர் சேர்த்தி எண்டு. கொண்டாரும் போர்மை."

சமனுக்குக் கட்டிய காசு இருபது ஓவர் முடிந்த நிலையை வைத்துத் தீர்க்கப்படும். சூப்பர் ஓவர் அதைத் தொடாது. அவர் வென்றிருந்தார். போட்ட காசோடு சேர்த்து அறுநூற்று எண்பது பவுண்.

அந்த நேரம் பார்த்து இன்னொருவர் கவுண்டர்க் கண்ணாடியில் தட்டினார். தான் காசு கட்டிய ஆட்டக்காரன் சூப்பர் ஓவரில் அடித்த இரண்டு சிக்ஸர்களையும் சேர்த்தால் அவன்தான் அதிக ஓட்டம் எடுத்தவன் என்று வாதாடினார். அந்த ஓட்டம் இந்தக் கணக்கில் வராது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணைக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து குரலைத் தாழ்த்தினேன். என் புத்தி அப்போதே போன இடத்தைப் பாருங்கள்.

சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். விட்டால் அது மற்றவர் காசை விழுங்குவது. என் கொம்பனிக்கு அறுநூற்று எண்பது பவுண் லாபம் பார்த்துக் கொடுக்க எனக்கு என்ன தலையெழுத்து? ஆனால் இப்போதே சொன்னால் அந்த மனிதன் பேனையைத் தொடமாட்டான். அதனால் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் படிவத்தை நிரப்பினேன். படம் எடுத்தேன். எந்தெந்த ஊர் என்று கேட்டேன். நோர்பரி, தோர்ன்டன் ஹீத், குறொய்டன் என்றார். கையெழுத்து வைத்தார். எல்லாம் பதிவாகி முடிந்த பிறகு கூடைக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்து, நீவி, மெசினில் காட்டினேன். அறுநூற்று எண்பது என்று வந்தது. ஏற்கெனவே கட்டிய துண்டு வென்றால், படிவம் கொடுத்தவருக்கும் காசு கொடுக்கத்தான் வேண்டும். சந்தோஷப்படுவார் என்று நம்பி விளக்கம் சொன்னேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"தெரிஞ்சுகொண்டே கையெழுத்து வாங்கினீரோ? என்ர வாழ்க்கையில ஒருக்கா, ஒரேயொருக்கா எனக்கு அடிச்சிருக்கு. அண்டைக்குப் பாத்து என்னை வெளியில தள்ளிப் போட்டீர். இப்ப எனக்கு இதை மாத்த ஏலாது, என்ன?"

"ஏலாது அண்ணை."

நோட்டுகளை எண்ணாமலே எடுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னதில் பாதி சரி என்றுதான் எனக்குப் பட்டது, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மேலாளர் மட்டும் அந்த வாரம் என்னைப் பாராட்டினார். வாடிக்கையாளர் நலன் கருதி நன்றாகச் செய்தேனாம். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவருடைய மனைவி முதல் தடவையாக உள்ளே வந்தா. வேலை உடுப்போடு நின்றா. அண்ணை ரயில் எடுத்துப் பார்க்கிங் என்ற ஊரின் பெட்டிங் கடைக்குப் போகிறாராம். அந்த ஊரின் பெயர் படிவத்தில் இல்லை. அறுநூற்று எண்பதும் முதல் வாரமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டு வாடகைக்கு வைத்திருந்ததும் போயிற்று. தனக்கு அடிக்கத் தொடங்கின நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள் என்று சொல்லித்தான் போகிறாராம்.

"தங்கச்சி, குப்பையில கிடந்த துண்டு. அவர் எறிஞ்சு போட்டார். உமக்கு அதை அங்கேயே விட ஏலாமல் போச்சோ?"

"அது அவற்ற காசு, அக்கா. கொடுக்காமல் விட எனக்கு உரிமை இல்லை."

அவ குரலை உயர்த்தவில்லை.

"தோற்கேக்க அது என்ர சம்பளக் காசு. பிள்ளையளின்ர சப்பாத்துக் காசு. அப்ப அது ஆற்ற காசு எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. வெண்டோடன மட்டும் அவற்ற காசோ?"

அவ திரும்பிப் போனா. அடுத்தவர் வந்து, இன்றைய ஆட்டம் சமனில் முடிய என்ன விலை என்று கேட்டார். முப்பத்துமூன்று என்றேன்.