இரண்டாவது உலர்த்தியும் என் நோக்கக் கூற்றும்

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கிச் சுத்தம் செய்து ஏற்றுமதிக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் நான் உற்பத்திப் பிரிவு முகாமையாளர். மேலே பொது முகாமையாளர், கீழே மேற்பார்வையாளர்கள். இரு பக்கமும் தலையாட்டியே கழுத்து வலித்த காலத்தில் நிறைவேற்று முகாமைத்துவ டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தேன். என் வேலையில் எடுத்த முடிவுகளையும் பாடநெறியையும் இணைத்து ஒரு நோக்கக் கூற்று கேட்டிருந்தார்கள்.

‘தொலைநோக்கு’, ‘தலைமைத்துவம்’, ‘சவால்’ எல்லாம் போட்டு ஒரே மூச்சில் எழுதினேன். படிக்கப் படிக்க எனக்கே என்மேல் மரியாதை கூடியது. போன வருடம் அதே டிப்ளோமாவை முடித்திருந்த கணக்குப் பிரிவு முகாமையாளரிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத பேங்க் மெனேஜரும் அனுப்பலாம், ஆஸ்பத்திரி மெனேஜரும் அனுப்பலாம். நீங்க என்னதான் முடிவு எடுத்தீங்க?”

வீட்டுக்குப் போய் யோசித்தேன். லக்கல பக்கம் மிளகு சேகரிக்கும் லொறியைப் பின்னேரத்திலிருந்து காலைக்கு மாற்றியது நான்தான். யானைப் பயத்தில் பின்னேரம் மூட்டையோடு வெளிக்கிடாத விவசாயிகள் காலையில் வந்தார்கள், வரத்து கூடியது. நிறுவனக் கூட்டத்தில் அதை என் திட்டமிடல் என்று விளக்கியிருந்தேன். உண்மையில் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று சாரதி பிடிவாதம் பிடித்ததுதான் காரணம். விவசாயிகளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்தது இரண்டாவது உலர்த்தி. ஈர மிளகு முற்றத்தில் குவிவதைப் பார்த்து, வாதாடி வாங்க வைத்தேன். வந்த பிறகு முற்றம் காலியானது. குவியல் தரம் பிரிக்கும் இடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அங்கே ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்று நான் அளந்து பார்க்கவே இல்லை.

இரண்டையும் அப்படியே எழுதினேன். முதலாவதற்கு, மாற்றத்துக்கு முன் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டறியும் முறை. இரண்டாவதற்கு, வேலை எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்கும் செயற்பாட்டு முகாமைத்துவம். இவற்றைத்தான் கற்க வேண்டும் என்றேன். எழுத எளிதாகத்தான் இருந்தது. விண்ணப்பத்துக்கு நிறுவனத்தின் சார்பில் பொது முகாமையாளரின் ஒப்புதல் கையொப்பம் வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த உலர்த்திக்கு அனுமதி தந்தவரே அவர். சம்பிரதாயப்படி பாற்சோறு வைத்து அதைத் தொடக்கி வைத்தவரும் அவர்தான்.

அவர் மெதுவாக வாசித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே மிகுந்த அக்கறையோடு ஒரு காகத்தைக் கவனித்தேன்.

“அந்த உலர்த்தி வாங்க நானும் தானே கையெழுத்து வச்சேன்,” என்றார் கடைசியில். “அத எழுதல்லயே நீங்க?”

“இல்ல சேர்.”

“பரவாயில்ல, இப்படியே அனுப்புங்க. ஆனா அங்க படிக்கிறத எனக்கும் வந்து சொல்லணும்.”

இடம் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் உலர்த்தியைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். ‘தொலைநோக்கை’ ஒருவரும் தேடவில்லை. இப்போது சனிக்கிழமை வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறேன். அறிவுத் தாகம் என்று சக மாணவர்கள் நினைக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் பொது முகாமையாளர் தேநீரோடு என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, “சரி, என்ன சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்பது அவர்களுக்குத் தெரியாது.