இருபத்து மூன்றாம் அத்தியாயத்துக்கு ஒரு வரி

அன்று பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். பதிப்பகத்தை நடத்தும் அக்கா, அவர் வெளியிடவிருந்த புத்தகத்தை எழுதிய அங்கிள், அங்கே வேலை பார்க்கும் நான். இல்லாதவர் ஒருவர், அங்கிளின் தங்கை. மேசைமேல் விரிந்து கிடந்த தாளில் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இல்லாதவரைப் பற்றிய ஒரு வரியை. அதை எழுதியவன் நான்.

அங்கிள் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் வாழ்க்கையைப் பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்தோரு அத்தியாயங்கள். ஒன்றுக்கும் தலைப்பு கிடையாது, வெறும் எண்கள்தான். "தலைப்பு வைக்க எனக்கு வராது, தம்பி. மேல உக்காந்து பாத்தத எழுதியிருக்கேன், அவ்வளவுதான்" என்றார். தட்டச்சு செய்து பக்கம் அமைத்தபோது நானூற்று எண்பது பக்கம் வந்தது.

அக்காவுக்கு ஒரு கணக்கு உண்டு. எங்கள் ஊரில் தமிழ்ப் புத்தகம் கடையில் விற்பதைவிட வெளியீட்டு விழாவில்தான் விற்கும். விழாவுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று புத்தகத்தைப் புரட்டுவார்கள். முதலில் திறப்பது உள்ளடக்கத்தை. அதில் தங்களைப் பற்றியோ தங்கள் ஊரைப் பற்றியோ ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தேடுவார்கள். "வெறும் நம்பரப் போட்டா எவன் லா வாங்குவான்? ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரி போடு. ஒரே வரி. ரெண்டாவது வரிக்கு இறங்கக்கூடாது. முடிவச் சொல்லக்கூடாது. ஆனா உள்ள போகணும்னு ஆசை வரணும்" என்றார்.

வேலை எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறார். பள்ளியில் எனக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்று, நீண்ட பகுதியைச் சுருக்கி எழுதுவது. முதல் பத்தியில் முக்கியக் கருத்து இருக்கும், அதைப் பிடித்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதில் நான் ஒருமுறைகூட மதிப்பெண் இழந்ததில்லை.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போதும் போகும்போதும் படித்தேன். மழை மாதம். கண்ணாடியில் நீர் கோடு கோடாக வழியும். வெளியே வந்த நிலையம் ஷா ஆலாமா சுபாங்கா என்று தெரியாது. மடியில் கடல் விரிந்துகிடக்கும். நாற்பது மீட்டர் உயரத்தில், காலுக்கடியில் கண்ணாடி பதித்த ஒரு சின்ன அறைக்குள் அங்கிள் உட்கார்ந்திருப்பார். கீழே கப்பல்கள் வரும், பெட்டிகளை இறக்கும், போகும். காலையில் பனிமூட்டத்தில் தரையே தெரியாது என்று எழுதியிருந்தார். கொக்கியைக் கீழே இறக்கினால் வெள்ளைக்குள் போய் மறைந்துவிடும். சிறிது நேரம் கழித்து ஒரு பெட்டியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். அதைப் படித்த பிறகு சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி மோனோரயில் பாலத்துக்கடியில் நடக்கையில், என் கால் தரையில் படாத மாதிரி இருக்கும். வாழையிலைக் கடைகளின் சாம்பார் வாசனைதான் என்னைக் கீழே இறக்கும்.

ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதன் ஓரத்தில் பென்சிலால் வரியை எழுதுவேன். பன்னிரண்டாம் அத்தியாயம்: 'பனிக்குள் கொக்கி மறைந்த காலைகள்'. பத்தொன்பது: 'இரவு உணவைக் கயிற்றில் மேலே அனுப்பிய நண்பன்'. இருபத்து மூன்று இப்படித் தொடங்கியது: 'என் தங்கையின் கல்யாணத்திற்கு நான் போகவில்லை.' அவள் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. அப்பா யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். இவர் அன்று வேலைக்குப் போனார். படித்துக்கொண்டிருக்கும்போதே ரயிலின் ஆட்டத்தில் எனக்குக் கண் சொக்கியது. கிரேன் அறையில் நானே உட்கார்ந்திருந்தேன். கீழே கடல் மஞ்சளாக இருந்தது, யாரோ மஞ்சள் தண்ணீரைக் கொட்டியதுபோல. விழித்தபோது சென்ட்ரல் வந்திருந்தது. தாள்கள் மடியில் இருபத்து நான்கில் திறந்திருந்தன. அத்தியாயத்தை முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். படிக்கட்டில் நின்று ஓரத்தில் எழுதினேன்: 'தங்கையின் கல்யாணத்திற்குப் போகாத அண்ணன்'.

எல்லாம் எழுதி முடித்த அன்று மாலை வீட்டில் நாற்பத்தோரு வரியையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். பனிக்கும் கப்பலுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்து மூன்றில் கத்தி நின்றது.

"போகலையா? கூடப் பொறந்தவ கல்யாணத்துக்கா? பாவி."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வரி ஆளைப் பிடித்து நிறுத்துகிறது என்றால் அதுதானே வெற்றி என்று நினைத்தேன்.

பக்க எண்கள் முடிவானால்தான் உள்ளடக்கத்தை அமைக்க முடியும். அதனால் அது கடைசியில்தான் ஏறும். அங்கிள் அத்தியாயங்களை எல்லாம் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது உள்ளடக்கம் இருக்கவில்லை. விழா நெருங்கிவிட்டதால் அதை அக்காவே பார்த்து அச்சுக்கு அனுப்பினார். அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். முதல் பாரத்தில் தலைப்புப் பக்கம், முன்னுரை, உள்ளடக்கம். ஐந்நூறு பிரதிக்கான தாள்களும் அச்சாகிவிட்டன, இன்னும் தைக்கவில்லை. அங்கிள் ஆசையாகப் பார்க்க வந்தார்.

தாளை விரித்ததும் அவர் விரல் நேராக இருபத்து மூன்றுக்குத்தான் போனது.

வெளியே மோனோரயில் ஒன்று ஜன்னலை நிறைத்துக்கொண்டு போய், மறுபடி வானத்தை விட்டுச் சென்றது.

"தம்பி, நீங்க இந்த அத்தியாயத்தக் கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"படிச்சேன் அங்கிள்."

"கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு?"

கடல் மஞ்சளாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அது என் கனவு என்று அப்போதுதான் உறைத்தது. "தூங்கிட்டேன் அங்கிள்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அவ பதினோரு வருசமா எங்கிட்டப் பேசல. ஜெஞ்சாரோம்ல இருக்கா. இந்தப் புக்க நான் எழுதுனதே அந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான். அவ முழுசாப் படிக்கிற ஆள் இல்ல. உள்ளடக்கத்தப் பாப்பா. தன்னப் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாப்பா. இதப் பாத்தா மூடி வெச்சிருவா."

"சின்ன ஸ்டிக்கர் அடிச்சு அந்த வரி மேல ஒட்டிரலாம் அங்கிள். ஒரு நாள் வேலைதான்" என்றார் அக்கா.

"ஒட்டுனா உரிச்சுப் பாப்பா. என் தங்கச்சிய உங்களுக்குத் தெரியாது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "சரி. மொதப் பாரத்த மறுபடி அடிக்கலாம். தம்பி, போய்ப் படி. இந்தத் தடவை முழிச்சிக்கிட்டுப் படி."

பின்கட்டில் தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இருபத்து மூன்றைப் படித்தேன். நான் தூங்கிப்போன இடத்திற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் இருந்தது. அன்று அவருக்குக் கொடுத்திருந்தது நடுக் கிரேன். சக ஊழியரிடம் கெஞ்சிக் கடைசிக் கிரேனுக்கு மாறிக்கொண்டார். அதிலிருந்து மட்டும்தான், கிடங்குகளுக்குப் பின்னால், கல்யாண மண்டபத்தின் சிவப்புத் தகரக் கூரை தெரியும். காலை ஏழு மணிக்கு ஏறியவர் இறங்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முகூர்த்த நேரத்தில் கொக்கியை அப்படியே காற்றில் நிறுத்திவைத்தார். கீழேயிருந்து வாக்கி டாக்கியில் திட்டினார்கள். 'இயந்திரத்தில் கோளாறு என்று சொன்னேன்' என்று எழுதியிருந்தார். அத்தியாயம் அங்கே முடிந்தது.

நான் எழுதிய வரியில் பொய் எதுவும் இல்லை. அவர் போகவில்லைதான். முதல் வாக்கியத்தில் அவரே அதைத்தான் சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்கு வர அவருக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. நான் முதல் பத்தியோடு நின்றுவிட்டேன்.

"நீங்களே ஒரு வரி சொல்லுங்க அங்கிள்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வேணாம். நான் எழுதுனா எனக்கு நானே வக்கீல் வெச்ச மாதிரி ஆயிரும்."

'போகாமலே போன கல்யாணம்' என்று எழுதி அக்காவிடம் காட்டினேன். "சினிமா போஸ்டர் மாதிரி இருக்கு. தூக்கு" என்றார். 'ஒரு அண்ணனின் மன்னிப்பு' என்றேன். "அவர் எங்கயாச்சும் மன்னிப்புக் கேட்டிருக்காரா? இல்லாதத எழுதாத." எழுதி எழுதி அடித்தேன். மாலை வெயில் தாள் கட்டுகளின் மேல் ஏறி இறங்கியது. கடைசியில் அவர் பார்த்ததை மட்டும் எழுதினேன்: 'கடைசிக் கிரேனிலிருந்து மண்டபத்துக் கூரை தெரிந்த நாள்'.

அங்கிள் அதை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூரை சிவப்பு" என்றார். 'சிவப்பு' சேர்த்தால் இரண்டாவது வரிக்கு இறங்கும் என்றேன். "அப்ப வேணாம். அவளுக்குத் தெரியும்."

எப்படியும் முதல் பாரம் புதிதாகத்தான் அடிக்கிறது என்று, மற்ற நாற்பது வரிகளையும் அத்தியாயங்களோடு வைத்து மறுபடி படித்தேன். ஆறு வரிகள் மாறின.

முதல் பிரதி தைத்து வந்ததும் அழைப்பிதழோடு அதை ஜெஞ்சாரோமில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகும்படி என்னிடம் சொன்னார் அங்கிள். "நான் போனா கதவு தொறக்காது. ஒங்களுக்குத் தொறக்கும்." வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் வரிசை வரிசையாக ஓடி, தூரத்தில் பச்சை இருட்டாகியிருந்தது. ஆன்டி கதவைத் திறந்தார், கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கிடையில் புத்தகத்தை வாங்கினார். அட்டையில் அண்ணன் பெயரைப் பார்த்தார். முகம் மாறவில்லை. உள்ளடக்கத்தைத் திறந்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பனி, கயிறு, கப்பல். இருபத்து மூன்றில் விரல் நின்றது.

"எந்த மண்டபம்?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"செவப்புக் கூரையா?"

"இருநூத்தி அறுபத்தாறாம் பக்கம், ஆன்டி."

பக்கத்தைத் தேடி எடுத்து, நின்றபடியே படித்தார். பிறகு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து படித்தார். பனைகளின் மேல் காற்று ஒரு முறை போய்வந்தது. முடித்ததும் புத்தகத்தை மூடவில்லை, விரலை உள்ளே வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஏழு மணிக்கே ஏறிட்டாராமா?"

"ஆமா ஆன்டி."

"பைத்தியக்காரன்" என்றார். எழுந்து கம்பிக் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க தம்பி, தண்ணி குடிங்க. விழா எத்தன மணிக்கு?"

முதல் பாரத்தை மறுபடி அடித்த செலவில் புதிய பிளேட், தாள், மெஷின் கூலி எல்லாம் சேர்ந்தது. அங்கிள் பாதி, அக்கா பாதி. என்னிடம் ஒரு காசும் வாங்க மறுத்துவிட்டார்கள். மொத்தம் அறுநூற்று நாற்பது ரிங்கிட்.