பொத்தான்களுக்கு அடியில் ஒரு முகம்

ஸ்டூடியோவில் அவளுக்குச் சிவப்புக் கட்டம் என்று பெயர். வைத்தவர் முதலாளி, அவளுடைய அக்காவின் கணவர். செல்போனைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கிற வீடியோ எது வந்தாலும், எடிட் செய்யும்போது அதன் மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு படத்தை விரித்துக்கொள்வாள். உச்சியில் ஒரு பட்டை, கீழே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, வலது ஓரத்தில் நடுவிலிருந்து கீழ்வரை ஒரு பத்தி, எல்லாம் சிவப்பு. ஆப் தன் சாமான்களைப் பரப்பிக்கொள்ளும் இடங்கள் அவை. இதயக்குறி, கமெண்ட், ஷேர் எல்லாம் வலதில்; கணக்கின் பெயரும் வாசகமும் கீழே. முகமும் முக்கியமான எழுத்தும் மிச்ச இடத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே அனுப்பும் முன் சிவப்பை அணைத்துவிடுவாள்.

இதை நயமாகச் சொல்ல அவளுக்கு வராது. ஒரு கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடமே, "உங்க தாடை மேல உங்க பேரே குந்தியிருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டவள். அன்றிலிருந்து வாடிக்கையாளர் வந்தால் அவளை உள்ளறையில் உட்கார வைத்தார்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியின் சேர்க்கை வீடியோ வந்தது. தலைமை ஆசிரியர் பேசுவார். சைகை டீச்சர் அதைக் கைகளால் சொல்வார். அவள் திரையை இரண்டாகப் பிரித்தாள். மேலே தலைமை ஆசிரியர், அதற்குக் கீழே அதே அளவில் டீச்சர், வலப்பக்கம் தள்ளாமல், விரல்கள் சிவப்பைத் தொடாமல். இரண்டுக்கும் நடுவில் சேர்க்கையின் கடைசி நாள்.

அத்தான் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"பணம் குடுக்குறது யாரு? அவரு மூஞ்சி பாதித் திரையில. கையாட்டுற அம்மா மீதிப் பாதியில."

"பாக்கப்போறவங்களுக்கு அவங்க கைதான் பேச்சு, அத்தான்."

"டிவில எங்க வைக்கிறான்? வலது மூலையில. அங்க வை. கடைசி நாள அடியில போடு."

"டிவில இதயக்குறி கிடையாது."

அவர் தன் கம்ப்யூட்டரில் தானே மாற்றி, அந்தப் பெரிய திரையில் ஓடவிட்டார். "எங்க மறைக்குது? காட்டு!" அங்கே எதுவும் மறைக்கவில்லை, அந்தத் திரையில் ஆப்பின் பொத்தான்கள் வராது. அதை அவள் சொல்லியும் அவர் கேட்கவில்லை; பக்கத்து மேசையில் கணக்கு எழுதும் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோ செல்போனிலேயே திறந்து வைத்திருந்த பள்ளியின் கணக்கில் வீடியோ ஏறியது.

மறுநாள் காலை சைகை டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். செல்போனை அத்தானின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இதுல நான் எங்க இருக்கேன், கண்டுபிடிங்க பாப்போம்."

முகத்தின் மேல் இதயக்குறி. ஒரு கை கமெண்ட் குறிக்குப் பின்னால். மறு கை வாசகத்துக்கு அடியில். கடைசி நாள் எங்கேயோ.

"பெத்தவங்க எனக்கு வீடியோ கால் போட்டுக் கேக்குறாங்க, டீச்சர் என்ன சொன்னீங்கன்னு. அவங்களுக்கும் காது கேக்காது. நாளையோட சேர்க்கை முடியுது."

அத்தான் உள்ளறையைப் பார்த்துக் கையை நீட்டினார். "எடிட் பண்ணது இவதான்."

அவள் எழுந்து வந்தாள். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கவில்லை.

"சரி, நான் பண்ணதாவே இருக்கட்டும்," என்றாள். "அழிச்சிட்டு வேற போடுறேன்."

"அழிக்கிறதா? எத்தன ஆயிரம் பேர் பாத்திருக்கான் தெரியுமா? கமெண்ட்ல கடைசி நாள எழுதிட்டாப் போச்சு."

"மத்ததெல்லாம்? என்னென்ன கொண்டு வரணும், எங்க தங்கணும்?" என்றார் டீச்சர். "வீடியோவ மட்டும் மாத்திப் போட முடியாதா?"

"போட்டத மாத்த முடியாது. எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும். பாத்தவங்க கணக்கு போயிடும்." அவள் பேசிக்கொண்டே ஸ்டூடியோ செல்போனை எடுத்தாள்.

"கைய வச்சேன்னா இங்க உனக்கு வேல கிடையாது," என்றார் அத்தான்.

அவள் அழித்தாள். தான் முதலில் செய்த பிரதியை ஏற்றினாள். வாசகத்தை ஒரே வரியில் முடித்தாள். நீண்டால் அதுவும் மேலே ஏறும். டீச்சர் தன் போனில் திறந்து பார்த்தார். பத்து விரலும் தெரிந்தன. உடனே பெற்றோருக்கு அனுப்பத் தொடங்கினார்.

அதற்குள் தலைமை ஆசிரியரின் அழைப்பு. அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னய்யா, என் மூஞ்சி திடீர்னு சின்னதாயிடுச்சு?"

"ஒரு பொண்ணு செஞ்ச கோளாறு சார். வேலைய விட்டுத் தூக்கியாச்சு. பழச மறுபடி ஏத்திடுறேன்."

டீச்சர் குனிந்து போனுக்குள் சொன்னார்: "சார், பழசு வந்தா நாளைக்கு வர்றவங்ககிட்ட நீங்களே கையாட்டிப் பேசிக்குங்க. நான் லீவு."

"இருக்கட்டும், இதுவே இருக்கட்டும்," என்றது போன்.

அத்தான் இணைப்பைத் துண்டித்து அவளிடம் திரும்பினார். "வீடியோ இருக்கும். நீ இருக்க மாட்ட."

அவள் ஸ்டூடியோ சாவியை மேசை மேல் வைத்தாள். உள்ளறைக் கம்ப்யூட்டரில் பொருத்தியிருந்த தன் சொந்த ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அக்கா வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடேன்டி."

"நீ பாத்தல்ல, யாரு பண்ணாங்கன்னு?"

அக்கா உள்ளே அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அவள் படியிறங்கினாள்.