ஆறு மணிக்கு முடிந்த விலை

எங்கள் ஆன்லைன் செருப்புக் கடையில் வேலைப் பிரிவினை ரொம்பத் தெளிவு. அவசரப்படுவது முதலாளி. அந்த அவசரத்தை விளம்பர வரியாக எழுதுவது கேப்ஷன் அக்கா. அதை நம்பி ஏமாந்தவர்களிடம் ஃபோனில் திட்டு வாங்குவது நான். சாயங்காலம் ஆனால் காது தேய்ந்துபோயிருக்கும்.

அக்கா வருவதற்கு முன்னால் எழுதியவன் கெட்டிக்காரன். "கடைசி மூன்று ஜோடி" என்று ஒரே செருப்புக்கு வருஷம் முழுக்கப் போட்டான். சலுகை முடிய இன்னும் இத்தனை நிமிஷம் என்று காட்டும் கடிகாரம் ஆள் ஆளுக்குத் தனியாக ஓடும். பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. கீழே குடோனில் பெட்டி கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அவன் வேறு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான், நல்லா இருக்கட்டும்.

அக்காவுக்கு இது வாழ்க்கையில் கிடைத்த முதல் நாற்காலி. அதற்கு முன்னால் பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண். அங்கே உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் கூடாது. கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்த பிறகு டாக்டர், இனி நின்றுகொண்டு செய்கிற வேலையை விட்டுவிடு என்றார். விட்டால் சோற்றுக்கு என்ன வழி என்று டாக்டர் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வண்டி ஓட்டுகிறவர், பாதி நாள் வண்டியே ஓடாது. மகள் காலேஜ். துணிக்கடைப் பேஜில் அக்கா விளையாட்டாக எழுதிக் கொடுத்த நாலு வரியைப் பார்த்துத்தான் எங்கள் முதலாளி கூப்பிட்டார்.

கூப்பிட்டவரே இப்போது சலித்துக்கொண்டிருந்தார். அக்கா பொய் எழுத மாட்டாள். ஸ்டாக் எத்தனை என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமல் குடோனுக்குப் படியிறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். அந்தக் காலோடு. விற்பனையும் மந்தம். "இந்த சேல்ல சரக்கு காலியாகலன்னா அடுத்த மாசத்துலேர்ந்து கேப்ஷனை விளம்பர ஏஜென்சிகிட்ட குடுத்துடுவேன்" என்று முதலாளி என் எதிரிலேயே சொன்னார். அக்கா தலையாட்டினாள்.

சரக்கு என்னவென்றால், நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கான மெத்தைச் செருப்பு. ஆஸ்பத்திரி, சமையற்கூடம், கடை என்று கால் கடுக்க நிற்கிறவர்கள் வாங்குவது. அந்த மாடலைச் செய்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தைத் தள்ளுவதற்கு ஒரு நாளைக்கு மட்டும், சாயங்காலம் ஆறு மணி வரை, விலையில் பாதியை அவர்களே ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆக, கெடு நிஜம். இனி வராது என்பதும் நிஜம். அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு பார்த்தேன்.

கம்ப்யூட்டரில் எழுபத்தொன்று. அக்கா கீழே போய்விட்டு மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அறுபத்திநாலுதான்டா. மிச்சம் திரும்பி வந்த சரக்கு. ஒரு பெட்டில ரெண்டும் இடது கால்."

"அதையும் போட்டுருங்க அக்கா, ரெண்டு இடது கால் இருக்கறவன் யாராவது வாங்குவான்."

சிரித்தாள். டேமேஜ் என்று யாராவது சொன்னால் மாற்றிக் கொடுக்க நாலு ஜோடியை எடுத்து வைத்தாள். பிறகு எழுதினாள்:

"நின்றே வேலை செய்பவர்களுக்கு. இந்த மாடல் இனி வராது. இருப்பது அறுபது ஜோடி. அதிகம் 6, 7. எட்டில் ஐந்துதான். ஒன்பது இல்லவே இல்லை. இன்று மாலை 6 மணிவரை பாதி விலை, அதன்பின் பழைய விலை. கூடையில் போட்டால் மட்டும் உங்களுக்கு ஒதுக்கப்படாது, பணம் கட்டினால்தான். அளவு மாற்ற இன்னொரு ஜோடி இருக்காது, பணம் திருப்பித் தருவோம்."

முதலாளி படித்துவிட்டு, "இல்லவே இல்லைன்னு யாராவது விளம்பரத்துல எழுதுவாங்களாம்மா?" என்றார்.

"ஒன்பது போடறவங்க அவசர அவசரமா உள்ள வந்துட்டு ஏமாந்து போவாங்க சார்."

கடிகாரத்தையும் எல்லாருக்கும் ஒரே ஆறு மணிக்கு முடிகிற மாதிரி வைக்கச் சொன்னாள். எட்டாம் நம்பர் தீர்ந்ததும் உடனே "8 முடிந்தது" என்று போஸ்டில் திருத்தினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிறையப் பேர் பார்த்தார்கள். பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆறு அடிக்கும்போது இருபத்திரண்டு ஜோடி மிச்சம்.

முதலாளி அறையிலிருந்து வந்தார். "மக்கள் கேட்டுக்கொண்டதால் நாளை வரை நீட்டிப்புன்னு போடு. வித்தியாசம் என் கைக்காசு, பரவாயில்ல."

"யாரு சார் கேட்டாங்க?"

முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நம்பி வாங்கினவங்க என்ன நினைப்பாங்கன்னு பாக்கறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா விலையைப் பழையபடி மாற்றினாள். நாற்காலியின் கைப்பிடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் ஃபோன் அடித்தது. ஒரு அம்மா. குரலைக் கேட்டாலே எங்கோ உட்கார இடம் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. "ஏழாம் நம்பர் இன்னும் இருக்குன்னு காட்டுதேப்பா, விலை மட்டும் ஏறிடுச்சு. ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆச்சு. பழைய விலைக்குப் போட்டுக் குடேன்."

ஸ்பீக்கரில் போட்டேன். முதலாளி அக்காவைப் பார்த்து, இப்பப் பார் என்கிற மாதிரி கையை விரித்தார். எனக்கும், கொடுத்துத் தொலைத்தால் என்ன என்றுதான் இருந்தது. அக்கா ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அம்மா, ஆறு மணியோட முடிஞ்சிடுச்சும்மா. அதை எழுதினது நான்தான். முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான். அதை நம்பிச் சிலபேர் வேலைக்கு நடுவுல ஓடி வந்து வாங்கியிருக்காங்க."



"நிஜமாவே முடிச்சிட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை. "நான் மத்தியானமே பாத்தேன்மா. கையில காசும் இருந்துச்சு. உங்க கடையில எப்பவும் இப்படித்தானே போடுவீங்க, எப்ப வந்தாலும் அதே விலைதான் இருக்கும்னு விட்டுட்டேன்."

முதலாளி விரித்த கையை மெல்ல இறக்கினார்.

"சரி, முழு விலைக்கே போட்டுடுங்க" என்றார் அந்த அம்மா. "கால் கேக்க மாட்டேங்குது."

ஆர்டரைப் போட்டேன். முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் எங்கள் இருவர் ஃபோனிலும் ஒரே செய்தி வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து ஏஜென்சி. அக்காவுக்கு வேண்டுமானால் கீழே பேக்கிங்கில் வேலை இருக்கிறது. பேக்கிங் மேசை நின்றுகொண்டு வேலை செய்கிற உயரம்.

அக்கா அதைப் படித்தாள். பிறகு அழுதாள். நான் பக்கத்தில் போய், வேறு வேலை கிடைக்கும் அக்கா, நான் விசாரிக்கிறேன் என்றேன்.

"அது கெடக்கட்டும்டா" என்றாள். "மத்தியானமே பாத்திருக்காங்கடா அந்தம்மா. நான் எழுதினதைப் படிச்சிருக்காங்க. படிச்சும் நம்பல."

அவர்களை அப்படிப் பழக்கினவர்கள் நாங்கள்தான்.